பதினான்கு மண்டையோடுகள்

1839இல் பிலடெல்பியாவில் வெளியான 'கிரேனியா அமெரிக்கானா' என்ற கனத்த நூலில் ஒரு சிறிய அட்டவணை இருக்கிறது. ஆசிரியர் சாமுவேல் ஜார்ஜ் மார்ட்டன், அந்த ஊரில் மருத்துவர். மனிதர்களை ஐந்து இனங்களாகப் பிரித்து, ஒவ்வோர் இனத்தின் மண்டையோட்டுக்குள்ளும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அதில் அவர் கணக்குத் தருகிறார். காக்கேசியர் 52 பேர், சராசரி 87 கன அங்குலம். எத்தியோப்பியர் என்று அவர் பெயரிட்ட ஆப்பிரிக்கர் 29 பேர், சராசரி 78. மற்ற மூன்று இனங்களும் இந்த இரண்டுக்கும் நடுவில் வருகின்றன.

அட்டவணையோடு ஒரு குறிப்பையும் மார்ட்டன் சேர்த்திருக்கிறார். இந்துக்களின் மண்டையோடுகள் அவரிடம் 17 இருந்தன. அவற்றின் சராசரி 75 கன அங்குலம். அவருடைய பகுப்பின்படி இந்துக்களும் காக்கேசியர்கள்தான். ஆனால் அந்த 52 பேரில் மூன்று இந்துக்களை மட்டுமே சேர்த்திருப்பதாகவும், இந்த மக்களின் தலை வேறு எந்த மக்களுடையதையும்விடச் சிறியது போலிருப்பதே காரணம் என்றும் அவரே சொல்கிறார். எதையும் மறைக்கவில்லை. அது ஒளிக்க வேண்டிய செய்தி என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

நான் அந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தேன். 52ஐ 87ஆல் பெருக்கினால் 4524. அதில் மூன்று இந்துக்களின் பங்கான 225ஐக் கழித்தால், மீதி 49 பேருக்கு 4299. இப்போது 17 பேரையும் உள்ளே கொண்டுவந்தால், அவர்களின் பங்கு 1275. மொத்தம் 66 பேர், 5574 கன அங்குலம். சராசரி 84.45. உயரத்தில் இருந்த 87, ஏறத்தாழ இரண்டரை கன அங்குலம் இறங்கிவிடுகிறது. இன்னொரு பக்கம், அமெரிக்கப் பழங்குடிகளின் சராசரியில் சிறிய தலை கொண்ட பெரு நாட்டு இன்கா மக்களின் மண்டையோடுகள் தாராளமாகவே சேர்க்கப்பட்டிருந்தன. சிறிய தலைகள் ஓர் இனத்தின் சராசரியை இறக்கலாம், இன்னோர் இனத்தின் சராசரியை இறக்கக் கூடாது.

எங்கோ இந்தியாவில் இறந்து, கடல் கடந்து, பிலடெல்பியாவின் அலமாரி ஒன்றில் எண் ஒட்டி வைக்கப்பட்டு, கணக்கில் சேராமல் விடப்பட்ட அந்தப் பதினான்கு பேரிடமிருந்துதான் இந்தச் சண்டைக்குள் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மனித இனங்கள் ஒரே மூலத்திலிருந்து வந்தனவா, அல்லது தொடக்கத்திலேயே தனித்தனியாகத் தோன்றினவா என்பதே சண்டை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அது அறிவியல் கழகங்களைப் பிளந்தது, நாடாளும் மேசைகள் வரை போனது.

படியால் அளந்து பழகியவர்களுக்கு மார்ட்டன் செய்த வேலை எளிதில் விளங்கும். மண்டையோட்டின் சிறு துளைகளைப் பஞ்சால் அடைப்பார். தண்டுவடம் நுழையும் பெரிய துளை வழியாக உருண்டையான சிறு விதைகளைக் கொட்டுவார். ஆட்டிக் குலுக்கி நிரப்பி, பிறகு அவற்றை அளவு குறித்த தகர உருளையில் கொட்டி எவ்வளவு என்று பார்ப்பார். படியைத் தட்டிக் குலுக்கினால் கூடுதலாக ஒரு கை அரிசி போகும், மெல்லக் கொட்டினால் குறையும். விதையிலும் அதே தொல்லை வந்தது. ஒரே மண்டையோட்டை இரண்டு முறை அளந்தால் இரண்டு எண்கள். அதனால் பின்னாளில் விதையை விட்டுவிட்டு, ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு விட்டமுள்ள ஈய ரவைகளுக்கு மாறினார். ஈயம் நசுங்காது, கூடாது, குறையாது. தன் அளவைத் தானே சந்தேகித்துத் திருத்திய மனிதர் அவர். இதையும் சொல்லியாக வேண்டும்.

சொல்லக் காரணம் இருக்கிறது. 1978இல் ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற உயிரியலாளர் மார்ட்டனின் எண்களை மறுபடி ஆராய்ந்து, கட்டைவிரல் தன்னையறியாமல் விதையை அழுத்தியிருக்கும் என்று எழுதினார். அந்தக் கட்டைவிரல் படம் மனத்தில் ஒட்டிக்கொள்ளும்படியானது. ஆனால் 2011இல் வேறு ஆய்வாளர்கள் அந்தத் தொகுப்பின் ஏறத்தாழ பாதி மண்டையோடுகளை நேரடியாக அளந்து பார்த்தபோது, மார்ட்டனின் அளவுகள் பெரும்பாலும் சரியாகவே இருந்தன. இதைக் காட்டி மார்ட்டனுக்கு நற்சான்று கொடுக்கச் சிலர் கிளம்பினார்கள். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. படி சரியாக இருக்கலாம். எதை அளப்பது, எதை விடுவது, அளந்த எண்ணை வைத்து என்ன சொல்வது என்ற மூன்றையும் படி தீர்மானிப்பதில்லை.

இதைக் கண்ணுக்கு நேரே காட்டும் இன்னொரு மனிதர் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் இருந்தார். பிரீட்ரிக் டீடமான், உடற்கூறியல் பேராசிரியர். மார்ட்டனின் நூல் வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1836இல், ஆப்பிரிக்கர்களின் மூளையை ஐரோப்பியர்களின் மூளையோடு ஒப்பிட்ட கட்டுரை ஒன்றை லண்டன் ராயல் கழகத்தின் இதழில் வெளியிட்டார். அவர் நிரப்பியது உலர்ந்த தினை. காலி மண்டையோட்டை நிறுத்துப் பார்த்து, தினை நிரப்பி மறுபடி நிறுத்து, வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டார். அவர் சராசரியைத் தேடவில்லை. ஒவ்வோர் இனத்திலும் மிகச் சிறியது எது, மிகப் பெரியது எது என்று பார்த்தார். எல்லா இனங்களின் வீச்சும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடந்தது. ஆகவே வேறுபாடு இல்லை என்றார். அந்தக் கட்டுரை அடிமை முறையை ஒழித்திருந்த நாட்டுக்கு அவர் ஆங்கிலத்திலேயே எழுதித் தந்த மரியாதை.

மார்ட்டனின் அட்டவணையில் வீச்சும் இருக்கிறது. காக்கேசியர்களில் மிகச் சிறியது 75, மிகப் பெரியது 109. எத்தியோப்பியர்களில் மிகச் சிறியது 65, மிகப் பெரியது 94. அதாவது மிகப் பெரிய ஆப்பிரிக்கத் தலை, வெள்ளையர்களின் சராசரியான 87ஐத் தாண்டி நிற்கிறது. மண்டையோட்டை மட்டும் கையில் கொடுத்து இனம் எது என்று கேட்டால், அதன் கொள்ளளவை வைத்து யாராலும் சொல்லியிருக்க முடியாது. டீடமானின் எண்களுக்குச் சராசரி போட்டுப் பார்த்தால் மார்ட்டனின் வரிசையே ஏறத்தாழ வருகிறது என்று பின்னாளில் காட்டியிருக்கிறார்கள். கிட்டத்தட்ட ஒரே எண்கள். ஒருவர் அவற்றில் மனிதகுலம் ஒன்று என்று படித்தார், மற்றவர் ஏணியைப் படித்தார். உயரமான உடலுக்குத் தலை பெரிதாக இருக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் அளவு மாறும் என்ற சாதாரண விஷயத்தை மார்ட்டன் கணக்கில் எடுக்கவே இல்லை.

தலை அளவுக்கும் மூலம் ஒன்றா பலவா என்பதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அதற்கு அன்றைய காலக்கணக்குக்குள் போக வேண்டும். விவிலியத்தின் தலைமுறைகளைக் கூட்டி ஆயர் அஷர் வகுத்த கணக்கின்படி உலகம் படைக்கப்பட்டது கிறிஸ்துவுக்கு முன் 4004இல், பெருவெள்ளம் 2348இல். வெள்ளத்துக்குப் பின் நோவாவின் குடும்பத்திலிருந்தே எல்லா மனிதரும். வெயிலும் குளிரும் உணவும்தான் நிறத்தையும் முகத்தையும் மாற்றின என்று ஒரு மூலக் கட்சி சொல்லி வந்தது. பிரிஸ்டல் நகர மருத்துவர் ஜேம்ஸ் கவுல்ஸ் பிரிச்சார்ட் 1813 முதல் தன் வாழ்நாளெல்லாம் இந்தக் கட்சிக்காகத் தரவு திரட்டினார்.

பல மூலக் கட்சிக்கு எகிப்து கிடைத்தது. நெப்போலியனின் படையெடுப்புக்குப் பிறகு எகிப்தியக் கல்லறைச் சுவர்களின் ஓவியங்கள் ஐரோப்பாவுக்குப் படம் படமாக வந்து சேர்ந்தன. மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அந்த ஓவியங்களில் கறுப்பரும் மற்றவரும் இன்றிருப்பது போலவே வேறுவேறாகத் தெரிகிறார்கள். வெள்ளத்துக்குப் பிறகு ஆயிரம் ஆண்டுகூட ஆகாத நேரத்தில் இத்தனை மாற்றம் நடந்து முடிந்ததென்றால், அதற்குப் பிறகு மூவாயிரம் ஆண்டுகளாக ஏன் எதுவும் மாறவில்லை? இது வலுவான கேள்வி. அஷரின் கணக்கை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல ஒரு மூலக் கட்சியால் முடியவில்லை. 1844இல் மார்ட்டன் 'கிரேனியா ஏஜிப்டியாகா' என்ற இரண்டாம் நூலை எழுதியது இதற்காகத்தான். எகிப்தை ஆண்டவர்கள் காக்கேசியர்கள், கறுப்பர்கள் அங்கும் வேலைக்காரர்களாகவும் அடிமைகளாகவுமே இருந்தார்கள் என்பது அதன் முடிவு. மண்டையோடுகளை அவருக்கு அனுப்பியவர் ஜார்ஜ் கிளிடன், கெய்ரோவில் அமெரிக்காவின் துணைத்தூதராக இருந்தவர்.

அதே ஆண்டில் கிளிடனின் வழியாக இந்தச் செய்தி ஜான் கால்ஹூனின் மேசைக்குப் போனது. தென் கரோலினாவின் கால்ஹூன் அப்போது அமெரிக்காவின் வெளியுறவுச் செயலர். டெக்சாஸை அமெரிக்காவோடு சேர்ப்பது பற்றி, அடிமை முறையை ஒழிக்க விரும்பிய பிரிட்டனுக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இன வேறுபாட்டைப் பற்றி அறிவியல் என்ன சொல்கிறது என்று அவர் கேட்க, கிளிடன் மார்ட்டனின் எழுத்துகளைக் காட்டினார். 'மனிதர் எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டார்கள்' என்று தொடங்கி விடுதலை பெற்ற நாடு அது. பல இலட்சம் பேரை விற்று வாங்கிக்கொண்டு அந்த வாக்கியத்தோடு வாழ, 'மனிதர்' என்ற சொல்லுக்குள் யார் வருகிறார்கள் என்பதை மாற்றினால் போதும். பல மூலக் கொள்கை அந்த வேலையைச் செய்தது. 1851இல் மார்ட்டன் இறந்தபோது, தென் மாநிலத்தவர் அவருக்கு நன்றி பாராட்ட வேண்டும் என்று சார்ல்ஸ்டன் நகர மருத்துவ இதழ் எழுதியது.

அலபாமாவின் மொபீல் நகரில் மருத்துவம் பார்த்து வந்த ஜொசையா நாட் இதை இன்னும் முன்னே கொண்டுபோனார். அவருக்கு ஒரு தடை இருந்தது. இரண்டு விலங்குகள் கூடிப் பெற்ற குட்டி மறுபடி ஈன்றால் அவை ஒரே சிற்றினம் என்பது பூஃபோன் காலத்திலிருந்து ஏற்கப்பட்ட சோதனை. குதிரையும் கழுதையும் சேர்ந்தால் கோவேறு கழுதை பிறக்கும், அது ஈனாது. ஆனால் வெள்ளை முதலாளிகளுக்குக் கறுப்பு அடிமைப் பெண்களிடம் பிறந்த பிள்ளைகள் ஊர்தோறும் இருந்தார்கள், அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்தன. நாட் 1843இல் ஒரு மருத்துவ இதழில் எழுதியது இதை மறுக்க: கலப்பினத்தவர் கோவேறு கழுதை போன்றவர்களே, அவர்கள் ஆயுள் குறைந்தவர்கள், பிள்ளைப்பேறு குறைந்தவர்கள், சில தலைமுறைகளில் அற்றுப்போவார்கள். தன் நோயாளிகளில் கண்டதே அவருக்குச் சான்று. அந்த நோயாளிகள் எப்படி வேலை வாங்கப்பட்டார்கள், என்ன சாப்பிட்டார்கள், எந்தப் பிள்ளை எப்போது விற்கப்பட்டது என்பதை அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

1854இல் நாட்டும் கிளிடனும் சேர்ந்து 'டைப்ஸ் ஆஃப் மேன்கைண்ட்' என்ற எழுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட நூலை வெளியிட்டார்கள். அதை மார்ட்டனின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார்கள். அதில் ஒரு படம் இருக்கிறது. மேலே கிரேக்கச் சிலையான அப்போலோவின் தலை. நடுவில் ஒரு கறுப்பரின் முகம், தாடை முன்னே நீட்டி வரையப்பட்டது. கீழே சிம்பன்சி. ஐரோப்பாவுக்கு அழகின் தெய்வத்தை நிறுத்திவிட்டு, ஆப்பிரிக்காவுக்கு ஓவியரின் கை நடுக்கத்தை நிறுத்தினார்கள். எழுநூறு பக்கங்களைப் படிக்காதவருக்கும் அந்த ஒரு பக்கம் போதும்.

அதே நூலுக்குக் கட்டுரை எழுதியவர் ஹார்வர்டின் லூயி அகாஸிஸ். பனியாற்று ஆய்வுக்காக உலகமே கொண்டாடிய சுவிஸ் அறிஞர். 1846 வரை அவர் மனிதர்களை ஒரே சிற்றினம் என்றுதான் சொல்லி வந்தார். அந்த ஆண்டு அமெரிக்கா வந்து, பிலடெல்பியாவில் மார்ட்டனின் தொகுப்பைப் பார்த்தார். தங்கிய விடுதியில் பரிமாறியவர்கள் கறுப்பர்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அவர்களை அருகில் பார்த்ததில் எழுந்த அருவருப்பை டிசம்பரில் தாய்க்கு எழுதிய கடிதத்தில் விரிவாகக் கொட்டினார். நான்கு ஆண்டுகளில் அந்த அருவருப்பு கொள்கையாகிவிட்டது. 1850இல் தென் கரோலினாவின் கொலம்பியா நகரில், ஜோசப் சீலி என்ற புகைப்படக்காரரைக் கொண்டு அடிமைகளை ஆடை களைந்து படம் எடுக்க வைத்தார். ரென்டி என்ற முதியவர், அவர் மகள் டெலியா. டெலியாவின் மேலாடை இடுப்பு வரை இறக்கப்பட்டிருக்கிறது. வெள்ளித் தகட்டில் பதிந்த அந்தப் படங்கள் 1976இல் ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்தின் பரணில் ஒரு பெட்டியில் கண்டெடுக்கப்பட்டன. அவற்றைப் பார்க்கிறவர் கவனிப்பது அகாஸிஸ் தேடிய உடற்கூறை அல்ல. ரென்டியின் கண்கள் நேராக நம்மைப் பார்க்கின்றன.

இதுவரை சொன்னதைப் படிப்பவர், ஒரு மூலக் கட்சிக்காரர்கள் அடிமைகளின் நண்பர்கள், பல மூலக் கட்சிக்காரர்கள் எதிரிகள் என்று எண்ணக்கூடும். நானும் பல காலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். சார்ல்ஸ்டனின் லூத்தரன் போதகர் ஜான் பாக்மனைப் பற்றிப் படித்த பிறகு அந்த எண்ணம் நிலைக்கவில்லை. பாக்மன் உண்மையான இயற்கையியலாளர், பறவை ஓவியர் ஓடுபோனோடு சேர்ந்து அமெரிக்கப் பாலூட்டிகளைப் பற்றி எழுதியவர். 1850இல் அவர் எழுதிய மனிதகுல ஒற்றுமை பற்றிய நூல் கலப்பினம் குறித்த மார்ட்டனின் சான்றுகளை ஒவ்வொன்றாக உடைத்தது. வாத்துகளையும் பிற பறவைகளையும் கலந்து வளர்த்துப் பார்த்தவரின் கைப்பட்ட அறிவு அது. மார்ட்டனால் சரியாக மறுக்க முடியவில்லை. அதே பாக்மன் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள். கறுப்பர் நம் சகோதரர், ஆனால் தாழ்ந்த சகோதரர், நம் காவலில் இருக்க வேண்டியவர் என்பது அவர் நிலை. தென் மாநிலத்துத் தோட்டக்காரர்களில் பலருக்கும் இதுவே போதுமானதாக இருந்தது. ஆதியாகமத்தில் நோவா தன் பேரன் கானானைச் சபித்த கதை அவர்களுக்குத் தெரியும். அடிமை முறைக்குச் சான்று விவிலியத்துக்குள்ளேயே இருக்கும்போது, விவிலியத்தை மறுக்கும் ஜொசையா நாட்டின் துணை எதற்கு?

பாரிஸில் இதற்கு நேர் எதிர். 1859இல் அங்கே மானுடவியல் கழகத்தைத் தொடங்கிய பால் புரோக்கா பல மூலக் கட்சிக்காரர். ஆனால் அடிமை முறையை எதிர்த்தவர். வேறு மூலத்தில் தோன்றியவர் என்பதற்காக ஒருவரை அடிமையாக்கும் உரிமை யாருக்கும் வந்துவிடாது என்பது அவர் வாதம். ஒரே ஆதாமிலிருந்து வந்து கெட்டுப்போனவர் என்று ஒருவரைச் சொல்வதுதான் பெரிய இழிவு என்றும் அவர் நினைத்தார். ஆயினும் இனங்களுக்கு ஏற்றத்தாழ்வு உண்டு என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை, மூளையை அளப்பதை அவரும் விடவில்லை.

பாக்மனையும் புரோக்காவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சண்டையின் நடுப்புள்ளி தெரிகிறது. மூலம் ஒன்றா பலவா என்பதில் எதிரெதிராக நின்றும், இனங்களுக்கு ஏற்றத்தாழ்வு உண்டு என்பதில் இரு தரப்பும் கிட்டத்தட்ட ஒத்துப்போயிருந்தன. பதில் எதுவாக வந்தாலும் தீர்ப்பு அளப்பவரின் கையில்தான்.

இதை அன்றே தெளிவாகக் கண்டு சொன்னவர் பிரெடெரிக் டக்ளஸ். அடிமையாகப் பிறந்து, தப்பி ஓடி, எழுத்தாலும் பேச்சாலும் அமெரிக்காவை உலுக்கியவர். 1854 ஜூலை 12 அன்று ஓஹியோ மாநிலத்தின் வெஸ்டர்ன் ரிசர்வ் கல்லூரியில் பட்டமளிப்பு நாளையொட்டிப் பேச அவரை அழைத்தார்கள். 'டைப்ஸ் ஆஃப் மேன்கைண்ட்' வந்த அதே ஆண்டு. டக்ளஸ் ஒரு நாள்கூடப் பள்ளிக்குப் போகாதவர். உதவிக்கு ராச்செஸ்டர் பல்கலைக்கழகத் தலைவரிடம் போனார், அவர் பிரிச்சார்டின் நூலைக் கையில் கொடுத்தார். படித்துக் குறிப்பெடுத்து, அறிஞர் சபையில் அறிஞர்களின் களத்திலேயே இறங்கினார். கறுப்பரின் படம் என்றால் மிக மோசமான முகத்தையும், ஐரோப்பியரின் படம் என்றால் மிக உயர்ந்த முகத்தையும் தேர்வது ஏன் என்று கேட்டார். அயர்லாந்தில் தான் கண்ட ஏழை உழவர்களின் முகங்களை நினைவுபடுத்தினார். பசியும் அறியாமையும் வேலையும் சேர்ந்து அந்த வெள்ளை முகங்களையும் நாட் வரைந்த முகங்களாக்கியிருந்ததைச் சொன்னார். எகிப்து ஆப்பிரிக்காவில் இருக்கிறது என்பதை மறந்து எழுதும் மார்ட்டனைத் தொட்டுக் காட்டினார்.

மனிதகுலம் ஒன்று என்றே அவர் வாதாடினார். கடைசியில் இன்னொரு படி ஏறினார்: சரி, மூலம் ஒன்றல்ல என்றே நிரூபணமாகட்டும், அதனால் என்ன? ஒருவர் எங்கிருந்து வந்தார் என்பதில் அவர் உரிமை தங்கியிருக்கவில்லை. அவர் சிந்திக்கிறார், பேசுகிறார், சிரிக்கிறார், நினைவில் வைக்கிறார், நம்புகிறார். உரிமைக்கு அது போதும். அளவுகோலைப் பிடுங்கித் தன் கையில் வைத்துக்கொள்வதைவிட, அந்த அளவுகோலுக்கு இங்கே வேலையில்லை என்று சொன்னது பெரிய காரியம்.

அறிவியலில் சண்டை தீர்ந்தது காலம் நீண்டதால். 1859இல் டார்வினின் நூல் வந்தது. அதே ஆண்டுகளில் குகைகளிலும் ஆற்றுப் படுகைகளிலும் அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு மனிதக் கல்லாயுதங்கள் கிடைத்தது உறுதியானது. மனிதனின் வயது ஆறாயிரம் ஆண்டு என்ற சுவர் உடைந்தது. எகிப்திய ஓவியத்தின் மூவாயிரம் ஆண்டு அந்த நெடுங்காலத்துக்கு முன் ஒரு நொடி. பரிணாமத்தை ஏற்றுக்கொண்டால் ஒரு மூலம், பல மூலம் என்ற சண்டை ஓசையில்லாமல் அடங்கிவிடும் என்று 1871இல் டார்வின் எழுதினார். சண்டை அடங்கியது, ஏணி அடங்கவில்லை. படைப்பில் வைத்த ஏற்றத்தாழ்வைப் பரிணாமத்தில் வைத்துப் பேச ஆட்கள் வந்தார்கள். மார்ட்டனின் தொகுப்பு பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதை வைத்திருந்ததற்காக அருங்காட்சியகம் 2021இல் மன்னிப்புக் கேட்டது. அதில் இருந்த பிலடெல்பியாக் கறுப்பர் 19 பேரின் எச்சங்கள் 2024இல் கல்லறையில் வைக்கப்பட்டன.

டக்ளஸின் கையில் இருந்த அந்தப் பிரிச்சார்டு நூலை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். டக்ளஸின் தாய் ஹாரியட் பெய்லி வேறொரு பண்ணையில் வேலை செய்தார். பகலெல்லாம் வயலில் உழைத்துவிட்டு, இரவில் பன்னிரண்டு மைல் நடந்து வந்து மகன் பக்கத்தில் படுத்து, விடிவதற்குள் திரும்பி நடப்பார். மகன் அவரைப் பார்த்ததெல்லாம் நான்கைந்து முறைதான், அதுவும் இருட்டில். சிறுவனாக இருக்கும்போதே தாய் இறந்துவிட்டார். படம் என்று ஒன்றும் இல்லை. பிரிச்சார்டின் நூலில் 157ஆம் பக்கத்தில் ஓர் எகிப்திய அரசனின் தலை அச்சாகியிருக்கிறது, ராம்சேஸ் உடையது. அந்த முகம் தன் தாயின் முகத்தைப் போல இருப்பதாகவும், பிரிந்த அன்பானவரின் படத்தைப் பிறர் பார்ப்பதுபோலத் தான் அதை எடுத்து எடுத்துப் பார்ப்பதாகவும் 1855இல் வெளியான தன்வரலாற்றில் டக்ளஸ் எழுதுகிறார்.